‘குழந்தை அழுதுச்சா?’ – மூன்று எண்களும் மூன்று கேள்விகளும்

(எபிசோடில் பேசியதைப் படிப்பதற்கு வசதியாகத் திருத்தி, சுருக்கித் தந்திருக்கிறோம்.)

இன்றைய எபிசோடு ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தோழி கேட்டது: “தமிழ்நாட்டுல தாய் இறப்பு விகிதம் 54னு படிச்சேன். சிசு இறப்பு விகிதம் 13னு படிச்சேன். அப்போ குழந்தைகளை விட அம்மாக்கள்தான் அதிகமா சாகறாங்களா?”

கேள்வி நியாயமானதுதான். ரெண்டுமே மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை, அதாவது எஸ்.ஆர்.எஸ். வெளியிட்ட எண்கள். 54 என்பது 2018-20க்கு, 13 என்பது 2020க்கு. ஆனால் 54 என்பது உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இத்தனை அம்மாக்கள் என்ற கணக்கு. 13 என்பது உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு இத்தனை சிசுக்கள் என்ற கணக்கு. ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்தால், ஒரு லட்சம் பிறப்புக்கு 54 அம்மாக்கள், 1,300 சிசுக்கள். கிட்டத்தட்ட 24 மடங்கு வித்தியாசம்.

இதோடு எபிசோடை முடிச்சிருக்கலாம். ஆனால் இந்த எண்களின் வரையறையைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிந்தது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும், யாரோ ஒருவர் ஒரு படுக்கைக்குப் பக்கத்தில் நின்று கேட்ட ஒரு கேள்வி இருக்கு. அந்தக் கேள்விக்கு ஆமா, இல்லை என்று வரும் பதில்தான் ஒரு மரணத்தை எந்தக் கணக்கில் போடுவது என்று முடிவு செய்யுது. மூணு எண், மூணு கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாரா?

இது தாய் இறப்பு விகிதத்துக்கான கேள்வி. செய்திகளில் எம்.எம்.ஆர். என்று வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையை நம்ம பேச்சில் சொன்னால் இப்படி வரும். ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ இறக்கிறார். காரணம் கர்ப்பத்தோடோ, அதற்குக் கொடுத்த சிகிச்சையோடோ தொடர்புடையது. அல்லது ஏற்கெனவே இருந்த ஒரு நோய் கர்ப்பத்தால் மோசமாகியிருக்கிறது. அப்படியானால் அது தாய் இறப்பு. விபத்து மாதிரி சம்பந்தமே இல்லாத காரணம் என்றால் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது, “கர்ப்பம் முடிந்து” என்ற சொல். “பிரசவம் முடிந்து” என்று இல்லை. கருக்கலைப்பு செய்து ரத்தப்போக்கில் இறந்தாலும் அது தாய் இறப்புதான். கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கி, அது வெடித்து இறந்தாலும் தாய் இறப்புதான். இதய வால்வில் பிரச்சினை உள்ள பெண், கர்ப்பத்தின் சுமையைத் தாங்க முடியாமல் இறந்தால் அதுவும் சேரும். ஆறாவது மாதத்தில் சாலை விபத்தில் இறந்தால் சேராது. தற்கொலை? அதை விபத்து மாதிரி ஒதுக்கிவிடுவோம் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகான 42 நாட்களிலும் நடக்கும் தற்கொலையை நேரடித் தாய் இறப்பாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2012இல் வழிகாட்டுதல் தந்தது.

அந்த 42 நாள் ஒரு கோடு. ஜனவரி 1ஆம் தேதி பிரசவம் என்றால் பிப்ரவரி 12 வரை உள்ளே, 13ஆம் தேதி வெளியே. கோட்டுக்கு வெளியே ஒரு வருடம் வரை நடப்பதற்கு ‘தாமதத் தாய் இறப்பு’ என்று தனிப் பெயர் உண்டு, எம்.எம்.ஆரில் அது வராது.

சரி, மேலே இருக்கும் எண் இது. கீழே எதால் வகுக்கிறோம்? உயிரோடு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையால். இது கொஞ்சம் விசித்திரம்தான். ஆபத்தில் இருந்தவர்கள் கர்ப்பிணிகள், எண்ணுவதோ குழந்தைகளை. இரட்டைக் குழந்தை பிறந்தால் கீழே 2 ஏறும். குழந்தை இறந்தே பிறந்து, அம்மாவும் இறந்துபோனால் மேலே 1 ஏறும், கீழே ஒன்றும் ஏறாது. ஏன் இப்படி? எத்தனை பெண்கள் கர்ப்பமானார்கள் என்று எந்த நாடும் முழுசாக எண்ணுவதில்லை. ஆரம்பத்திலேயே கலைந்த கர்ப்பங்கள் பல எந்தப் பதிவேட்டுக்கும் வருவதில்லை. ஓரளவு நம்பி எண்ணக்கூடியது உயிரோடு பிறந்த குழந்தைகள்தான். நமக்கு வேண்டிய டேட்டா கிடைக்காதபோது அதற்குப் பக்கத்தில் இருக்கும் டேட்டாவை வைத்து ஓட்டுகிற கதைதான் இது.

ஆனால் பெரிய சிக்கல் மேலே இருக்கும் எண்ணில்தான். ஒரு பெண் காய்ச்சலிலோ, வலிப்பிலோ இறந்துவிட்டார். சான்றிதழில் ‘வலிப்பு’ என்று மட்டும் எழுதினால், அவர் பிரசவமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. கேள்வியைக் கேட்கவில்லை என்றால் எண் குறைவாகத்தான் வரும்.

அதைச் சரிசெய்ய அமெரிக்காவில் 2003இல் இறப்புச் சான்றிதழின் மாதிரிப் படிவத்தில் ஒரு டிக் பெட்டி சேர்த்தார்கள்: இறந்தவர் கர்ப்பமாக இருந்தாரா, சமீபத்தில் கர்ப்பமாக இருந்தாரா? மாநிலங்கள் ஒவ்வொன்றாக, ஒரே நேரத்தில் இல்லாமல், 2017 வரைக்கும் இந்தப் படிவத்துக்கு மாறின. மாற மாற, நாட்டின் தாய் இறப்பு விகிதம் ஏறிக்கொண்டே போனது. விடுபட்டவர்கள் உள்ளே வந்தது ஒரு பக்கம். தவறான டிக் இன்னொரு பக்கம். கர்ப்பமாகவே வாய்ப்பில்லாத வயதில் இறந்த பெண்களுக்குக்கூட அந்தப் பெட்டியில் டிக் விழுந்திருந்தது. குழப்பத்தால் 2007க்குப் பிறகு அதிகாரபூர்வ எண்ணையே வெளியிடாமல் நிறுத்தி, 2018ஆம் ஆண்டுக்குத்தான் மறுபடியும் தந்தார்கள்: 17.4. பெட்டி வருவதற்கு முந்தைய முறையிலேயே கணக்கிட்டிருந்தால் அது 8.7 வந்திருக்கும் என்றும் அவர்களே சொன்னார்கள். ஒரே வருடம், அதே மரணங்கள், கேள்வி கேட்ட விதம் மட்டும் வேறு. எண் இரண்டு மடங்கு.

இரண்டாவது கேள்வி: எத்தனை வாரம்?

இறந்தே பிறந்த குழந்தை என்று எதைச் சொல்வது? எட்டு வாரத்தில் கலைவதை நாம் அப்படிச் சொல்வதில்லை, அது கருச்சிதைவு. அப்படியானால் எங்கேயோ ஒரு கோடு போட்டாக வேண்டும். நாடுகளை ஒப்பிடும்போது உலக சுகாதார நிறுவனம் 28 வாரத்தில் கோடு போடுகிறது. இந்தியாவின் பிறப்பு இறப்புப் பதிவிலும் 28 வாரம்தான். பிரிட்டனிலும் 28ஆக இருந்தது; 1992 அக்டோபரில் அதை 24 வாரமாக மாற்றினார்கள். அமெரிக்காவில் பொதுவாக 20 வாரம்.

25ஆவது வாரத்தில் ஒரு குழந்தை உயிரில்லாமல் பிறக்கிறது என்று வையுங்க. லண்டனில் அது இறந்தே பிறந்த குழந்தை, பதிவு உண்டு. சென்னையில் அந்தக் கணக்கில் அது கிடையாது. அதனால் ரெண்டு நாட்டு எண்ணையும் பக்கத்தில் வைக்கும் முன்னாடி, கோடு எந்த வாரத்தில் என்று பார்க்கணும்.

இந்த விகிதத்தில் கீழே வருவதும் வேறு. உயிரோடு பிறந்தவர்களையும் இறந்தே பிறந்தவர்களையும் கூட்டி, அந்த மொத்தத்தால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கணும். இதில் லாஜிக் தெளிவு: பிரசவ நேரம் வரைக்கும் வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த ஆபத்து இருந்தது.

மூன்றாவது கேள்வி: குழந்தை அழுதுச்சா?

இப்போ சிசு இறப்பு விகிதம், ஐ.எம்.ஆர். உயிரோடு பிறந்து, முதல் பிறந்தநாளுக்குள் இறந்த குழந்தைகள், உயிரோடு பிறந்த ஆயிரம் பேருக்கு எத்தனை என்ற கணக்கு. வரையறையில் எல்லாப் பாரத்தையும் தாங்குவது “உயிரோடு பிறந்து” என்ற ரெண்டு சொல்தான்.

தாயின் உடலிலிருந்து முழுசாக வெளியே வந்த பிறகு, குழந்தை மூச்சு விட்டாலோ, இதயம் துடித்தாலோ, தொப்புள்கொடியில் துடிப்பு இருந்தாலோ, கை கால் தசைகள் தெளிவாக அசைந்தாலோ அது உயிரோடு பிறந்த குழந்தை. இதில் ஒன்று இருந்தாலே போதும். எவ்வளவு நேரம் என்பது கணக்கில்லை. வாரமும் கணக்கில்லை. 25ஆவது வாரத்தில் பிறந்து பத்து நிமிஷம் மட்டும் இதயம் துடித்த குழந்தை, 28 வாரக் கோட்டுக்குள் வராது என்று விட்டுவிட முடியாது. அது உயிரோடு பிறந்தது, பிறகு இறந்தது.

நம்ம ஊரில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மூன்று தனிப் படிவங்கள் இருக்கு: பிறப்புக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று, இறந்தே பிறந்ததற்கு ஒன்று. அந்தப் பத்து நிமிஷக் குழந்தைக்கு முதல் ரெண்டு படிவமும் வேணும். அது பிறந்தது, இருந்தது என்று அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் தாள் அது. துடிப்பை யாரும் கவனிக்கவில்லை என்றால், அதே குழந்தைக்கு ரெண்டுமே கிடைக்காது.

அதனால்தான் வீடு வீடாகப் போய் எடுக்கும் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்த இடத்தில் ஒரு கேள்வியோடு நிற்பதில்லை. “உயிரோடு பிறந்து, பிறகு இறந்த குழந்தை உண்டா?” என்று கேட்பார்கள். அம்மா “இல்லை” என்றால், கொஞ்ச நேரமே ஆனாலும் அழுத, அசைந்த, மூச்சுவிட முயற்சி செய்த குழந்தை ஏதாவது உண்டா என்று மறுபடி துருவிக் கேட்பார்கள். அந்த ரெண்டாவது கேள்வியில்தான் சில அம்மாக்கள் “ஆமா, ஒரு தடவை…” என்று ஆரம்பிப்பார்கள்.

ஒரு மாவட்டத்தின் கணக்கு

ஒரு கற்பனை மாவட்டத்தை எடுத்துக்கலாம். ஒரு வருடத்தில் 10,080 பிறப்புகள். அதில் 80 இறந்தே பிறந்தவை, மீதி 10,000 உயிரோடு. அந்த 10,000 பேரில் 150 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துவிட்டன. 6 அம்மாக்கள் இறந்தார்கள்.

தாய் இறப்பு விகிதம்: 6 ÷ 10,000 × 1,00,000 = 60
சிசு இறப்பு விகிதம்: 150 ÷ 10,000 × 1,000 = 15
இறந்தே பிறப்போர் விகிதம்: 80 ÷ 10,080 × 1,000 = 7.9

இப்போ ஒரே ஒரு மாற்றம். பிறந்த சில நிமிஷங்களில் இறந்த 20 குழந்தைகளை, லேபர் வார்டில் “இறந்தே பிறந்தது” என்று எழுதிவிட்டார்கள். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை. அழவில்லை, நீலமாக இருந்தது, அம்மாவுக்கு ரத்தப்போக்கு, கையில் இருப்பது ஒரே நர்ஸ். தொப்புள்கொடியைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

உயிரோடு பிறந்தவர்கள்: 9,980
சிசு இறப்பு விகிதம்: 130 ÷ 9,980 × 1,000 = 13
இறந்தே பிறப்போர் விகிதம்: 100 ÷ 10,080 × 1,000 = 9.9
தாய் இறப்பு விகிதம்: 6 ÷ 9,980 × 1,00,000 = 60.1

சிசு இறப்பு விகிதம் 15லிருந்து 13க்கு இறங்கிவிட்டது. காப்பாற்றப்பட்ட குழந்தை ஒன்றுகூட இல்லை. செய்தியில் முதலில் வருவது சிசு இறப்பு விகிதம்தான். அது குறைந்தால் பாராட்டு. ஏறிய 9.9ஐ யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

இப்படி நடந்திருக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் வழி, ரெண்டு எண்ணையும் சேர்த்துப் பார்ப்பது. இறந்தே பிறந்தவர்களையும், பிறந்து முதல் ஏழு நாளில் இறந்தவர்களையும் கூட்டி ஒரே கணக்காக எடுப்பது உண்டு. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றினாலும் அந்தக் கூட்டல் மாறாது. நம்ம மாவட்டத்தில் முதல் வாரத்தில் இறந்தவர்கள் 75 என்றால், முதலில் 80 + 75 = 155. மாற்றிய பிறகு 100 + 55. அதே 155.

ரெண்டாவது வழி, குழந்தையின் தோல். வயிற்றுக்குள்ளேயே பல மணி நேரம் முன்னாடி இறந்திருந்தால் தோல் உரிந்து, நிறம் மாறியிருக்கும். தோல் கெடாமல் இருந்தால், பிரசவ வலி ஆரம்பித்த பிறகோ, அதற்குச் சற்று முன்போ இறந்திருக்கு. ஒரு மருத்துவமனையின் பதிவேட்டில், அட்மிஷன் நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருந்ததாக எழுதியிருக்கு. எடை மூன்று கிலோ, தோல் கெடவில்லை, “இறந்தே பிறந்தது” என்று குறிப்பு. இப்படிப் பல வரிகள் இருந்து, முதல் நாளில் இறந்த குழந்தை என்று ஒன்றுகூட இல்லை என்றால் சந்தேகப்படணும். பிறந்த முதல் 28 நாளில் நடக்கும் இறப்புகளில் உலகளவில் முக்கால் பங்கு முதல் வாரத்திலேயே நடக்கிறது. முதல் நாள் காலியாக இருக்க வாய்ப்பே குறைவு.

அழ வைக்க யாராவது முயற்சி செய்தார்களா?

இதுவரை நான் சொன்னதைக் கேட்டால், இது பதிவேட்டைச் சரியாக எழுதும் பிரச்சினை மாதிரி தெரியும். அதைத் தாண்டி யோசிக்க வைத்தது 2010இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஒரு ஆய்வு.

இந்தியா, பாகிஸ்தான், காங்கோ, ஜாம்பியா, குவாத்தமாலா, அர்ஜென்டினா – ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில், பிரசவம் பார்ப்பவர்களுக்குப் பச்சிளம் குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையைத் துடைத்து வெதுவெதுப்பாக வைப்பது, தூண்டிவிடுவது, மூச்சு வரவில்லை என்றால் முகமூடியும் பையும் வைத்து அழுத்தி நுரையீரலுக்குக் காற்று அனுப்புவது – இந்த மாதிரி அடிப்படை விஷயங்கள். எதிர்பார்ப்பு என்ன? பிறந்த முதல் வாரத்தில் இறக்கும் குழந்தைகள் குறைவார்கள் என்பது.

அந்த எண்ணில் தெளிவான மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் இறந்தே பிறப்போர் விகிதம் ஆயிரத்துக்கு 23லிருந்து சுமார் 16க்கு இறங்கியது. குழந்தை வெளியே வந்த பிறகு செய்யும் ஒரு காரியம், வயிற்றுக்குள் நடந்ததை எப்படி மாற்றும்?

மாற்றாது. முன்பு “இறந்தே பிறந்தது” என்று எழுதப்பட்டவர்களில் சில குழந்தைகள் இறந்து பிறக்கவில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அழாமல், அசையாமல் வந்தார்கள். இதயம் மட்டும் மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது. பயிற்சிக்குப் பிறகு யாரோ ஒருவர் காற்று அனுப்பினார், மூச்சு வந்தது. பயிற்சிக்கு முன்னால் அந்த மாதிரிக் குழந்தையைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்திருப்பார்கள், பதிவேட்டில் ஒரு டிக் விழுந்திருக்கும்.

அந்த டிக் குழந்தை செத்த பிறகு எழுதியதல்ல என்பதுதான் இங்கே விஷயம். சில நேரம் அந்த முடிவு முதலில் வருது, மரணம் பிறகு வருது. “இது இறந்தே பிறந்தது” என்று ஒருவர் மனசில் தீர்மானித்த நொடியில் முயற்சி நின்றுபோகுது.

அதனால் லேபர் வார்டில் கேட்க வேண்டிய கேள்வியை “அழுதுச்சா?” என்பதோடு நிறுத்த முடியாது. அழாத குழந்தைக்கு, தொப்புள்கொடியைத் தொட்டுப் பார்த்தீங்களா, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தீங்களா, முதல் நிமிஷத்துக்குள் காற்று அனுப்ப ஆரம்பிச்சீங்களா என்பதையும் பதிவேட்டில் எழுத இடம் இருக்கணும்.

கேள்வி கேட்ட தோழிக்கு இப்போ முழுப் பதில் சொல்லிடறேன். தேர்வில் கேட்டால்: தாய் இறப்பு விகிதம், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு, 42 நாள் வரை. சிசு இறப்பு விகிதம், ஆயிரம் உயிருள்ள பிறப்புகளுக்கு, ஒரு வயது வரை. இறந்தே பிறப்போர் விகிதம், ஆயிரம் மொத்தப் பிறப்புகளுக்கு, 28 வாரத்திலிருந்து. அடுத்த தடவை “சிசு இறப்பு குறைந்தது” என்று ஒரு செய்தி பார்த்தால், அதே வருடத்தில் இறந்தே பிறப்போர் விகிதம் எந்தப் பக்கம் போயிருக்கு என்றும் தேடிப் பாருங்க. ரெண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால்தான் அது நல்ல செய்தி.